நக்கிளை விட்டு வராத பால் ஜாயிண்ட்: ஃபோர்க்கா, புல்லரா?

கேள்வி: என் காரில் ஸ்டிரட் வகை சஸ்பென்ஷன், முன்பக்க லோயர் ஆர்மின் புஷ் போய்விட்டது. ஆர்மைக் கழற்றலாம் என்று பார்த்தால் பால் ஜாயிண்ட் நக்கிளை விட்டு வரவே மாட்டேன் என்கிறது. நட்டைக் கழற்றிவிட்டு ஸ்டட்டின் நுனியில் ஒரு மணி நேரம் சுத்தியலால் அடித்தாயிற்று, துரு இளக்கும் எண்ணெயும் விட்டாயிற்று. பால் ஜாயிண்ட்டில் ஆட்டம் இல்லை, ரப்பர் உறையும் நன்றாக இருக்கிறது. ஃபோர்க் வாங்குவதா, புல்லர் வாங்குவதா?

புல்லர். ஜாயிண்ட்டைத் திரும்பப் போடப் போகிறீர்கள் என்பதால் இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் புல்லர் வாங்கி மாட்டினாலும், அது எதை எதிர்த்து வேலை செய்கிறது என்று தெரியாவிட்டால் இன்னொரு மணி நேரம் வீணாகும், புல்லரும் உடையும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு விஷயத்தைப் பார்த்துவிடுங்கள். உங்கள் நக்கிளில் ஸ்டட் எப்படி உட்கார்ந்திருக்கிறது? ஸ்டட்டின் நுனியில் மரை இருந்து, அதில் நட் போட்டிருந்தால் அது டேப்பர் வகை. நட்டைக் கழற்றினேன் என்று நீங்களே சொல்வதால் உங்களுடையது அதுதான். நிறைய கார்களில் வேறொரு ஏற்பாடு உண்டு: ஸ்டட் நேரான உருளையாக இருக்கும், நக்கிளின் முனை பிளந்திருக்கும், பக்கவாட்டில் ஒரு போல்ட் அந்தப் பிளவை இறுக்கிப் பிடித்திருக்கும். அந்த வகையில் புல்லருக்கு வேலையே இல்லை. அந்த போல்ட் ஸ்டட்டில் வெட்டியிருக்கிற பள்ளத்தின் வழியாகப் போவதால், அதைத் தளர்த்தினால் போதாது, முழுக்க உருவ வேண்டும். பிறகு பிளவில் ஓர் ஆப்பையோ மழுங்கிய உளியையோ நுழைத்துக் கொஞ்சம் விரித்து, ஆர்மைக் கீழே அழுத்தினால் வந்துவிடும். அந்த வகையை டேப்பர் என்று நினைத்து புல்லர் போட்டு நக்கிளின் காதை உடைத்தவர்கள் உண்டு. சரி, நம்முடையது டேப்பர்.

டேப்பர் என்றால் ஸ்டட்டின் கழுத்து கூம்பாகக் கடைந்திருக்கும், நக்கிளில் உள்ள துளையும் அதே கூம்பாக இருக்கும். சரிவு மிகச் சிறியது. 8 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 1 மி.மீ. குறையும், சிலவற்றில் 10 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. இவ்வளவு சின்னச் சரிவில் ஒரு கூம்பை இன்னொன்றுக்குள் இழுத்து உட்கார வைத்தால் அது தானாகவே பூட்டிக்கொள்ளும். நட்டை எடுத்த பிறகும் ஸ்டட் அசையாமல் நிற்பதற்குக் காரணம் துரு மட்டும் இல்லை. அப்படி நிற்க வேண்டும் என்றுதான் அதைச் செய்திருக்கிறார்கள். நட்டின் வேலை முதலில் கூம்பை உள்ளே இழுப்பது, அப்புறம் வெளியே நழுவாமல் காவல் இருப்பது.

எவ்வளவு விசை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 மி.மீ. மரை, 60 நியூட்டன் மீட்டர் இறுக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இறுக்கத்தில் நட் ஸ்டட்டை இழுக்கிற விசை சுமார் இரண்டரை டன். அப்படி உட்கார்ந்த கூம்பைத் திரும்பத் தள்ள, துரு எதுவும் இல்லாமல் உலோகம் சுத்தமாக இருந்தாலே, அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான விசை வேண்டும், அதாவது ஒரு டன் போல. சில வருடம் ஓடி, ஓரத்தில் தண்ணீர் இறங்கித் துருப்பிடித்திருந்தால் இன்னும் கூடும். கடப்பாரையை வைத்து நெம்பினால் ஏன் வருவதில்லை என்பது இதிலேயே புரியும்.

இன்னொரு பக்கம் நமக்குச் சாதகமான விஷயம் ஒன்று உண்டு. கூம்பு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலே பிடி முழுக்கப் போய்விடும். அதனால்தான் இது கொஞ்சம் கொஞ்சமாக வராது. அசையவே அசையாது, அசையாது, திடீரென்று 'டக்' என்று துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான், கையோடு வந்துவிடும். முதல் தடவை கேட்பவர்கள் எதையோ உடைத்துவிட்டோம் என்று பயந்துபோவார்கள்.

நீங்கள் நுனியில் அடித்தது ஏன் பலிக்கவில்லை என்று பார்ப்போம். ஸ்டட் மேல்நோக்கி நக்கிளுக்குள் போயிருக்கிறது, ஜாயிண்ட் ஆர்மின் நுனியில் இருக்கிறது, ஆர்மோ ரப்பர் புஷ்களில் தொங்குகிறது. நீங்கள் மேலிருந்து அடிக்கிற அடி எல்லாவற்றையும் சேர்த்துக் கீழே ஆட்டிவிட்டு ரப்பரில் கரைந்துவிடுகிறது. அடி நன்றாகவே விழுந்தாலும், கம்பியின் நுனியில் அடித்தால் கம்பி கொஞ்சம் தடிக்கும், இல்லையா? நுனி காளான் குடை போல் விரியும், மரை மடிந்துவிடும். இதில் இரண்டு ஆபத்து. ஒன்று, அந்த நுனி நக்கிளின் துளை வழியாகத்தான் கீழே இறங்க வேண்டும். துளையின் குறுகிய வாயைவிட நுனி விரிந்துவிட்டால் கூம்பு விடுபட்ட பிறகும் ஸ்டட் வெளியே வராது. இரண்டாவது, திரும்பப் போடும்போது நட் ஏறாது. ஆகவே வேலையைத் தொடரும் முன் நுனியைத் தொட்டுப் பாருங்கள். விளிம்பு பிதுங்கியிருந்தால் அரத்தால் சுற்றிலும் சாய்வாக ராவி, நட்டைக் கையால் திருகி ஏறுகிறதா என்று பாருங்கள். முதல் ஒன்றிரண்டு மரை மட்டும் மடிந்திருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போயிருந்தால், ஜாயிண்ட் நன்றாக இருக்கிறது என்ற உங்கள் வாதம் அங்கேயே முடிந்தது. புதிய ஜாயிண்ட் தேவை, அப்போது ஃபோர்க்கும் உங்களுக்கு ஆகும்.

ஃபோர்க் என்பது கவட்டை மாதிரி இரண்டு கால் உள்ள ஆப்பு, அவ்வளவுதான். கால்களை நக்கிளுக்கும் ஜாயிண்ட்டின் உடம்புக்கும் நடுவில், ஸ்டட்டை இரு பக்கமும் அணைத்த மாதிரி நுழைத்து, பின்னாலிருந்து பெரிய சுத்தியலால் அடிக்க வேண்டும். ஆப்பு தடிக்கத் தடிக்க இரண்டையும் பிரிக்கும். வேகமான கருவி, மலிவான கருவி, கன்னாபின்னாவென்று துருப்பிடித்ததையும் பிரித்துவிடும். ஆனால் ஆப்பு நுழைகிற இடத்தில்தான் ரப்பர் உறை இருக்கிறது. ஒரே அடியில் கிழியும். கிரீஸ் தடவிக்கொண்டு மெதுவாக அடித்தால் கிழியாது என்று சிலர் சொல்வார்கள். சில சமயம் கிழியாமல் வரத்தான் செய்யும், அதை நம்பி நல்ல ஜாயிண்ட்டில் நான் இறங்க மாட்டேன். கிரீஸ் தடவ வேண்டியதுதான், ஆப்பு சுலபமாக நுழையும் என்பதற்காக, உறையைக் காப்பாற்றுவதற்காக அல்ல.

உறை கிழிவதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு, அதை யாரும் கவனிப்பதில்லை. ஃபோர்க்கின் விசை ஸ்டட்டின் மீது நேராக விழுவதில்லை. ஜாயிண்ட்டின் உடம்பைத் தள்ளி, உடம்பு உள்ளிருக்கிற குண்டை இழுத்து, குண்டு ஸ்டட்டை இழுக்கிறது. குண்டைப் பிடித்திருக்கிற பிளாஸ்டிக் கிண்ணம் அத்தனை டன் அடியையும் வாங்குகிறது. வெளியில் ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த ஜாயிண்ட் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது. ஃபோர்க் போட்ட ஜாயிண்ட் குப்பைக்கு என்று நான் வைத்திருக்கிற விதிக்கு உறையைவிட இதுதான் காரணம்.

வாங்குவதானால் அளவையும் பாருங்கள். கால்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி ஸ்டட்டைவிடக் கொஞ்சம்தான் அகலமாக இருக்க வேண்டும். டை ராடு எண்டுக்கு 18 மி.மீ. போல, பால் ஜாயிண்ட்டுக்கு 24 மி.மீ. போல இருக்கும். பெரிய ஃபோர்க்கைச் சின்ன ஸ்டட்டில் போட்டால் கால்கள் நக்கிளின் ஓரத்தில் மட்டும் தொற்றி வழுக்கும்.

புல்லர் இதற்கு நேர்மாறு. அதில் ஒரு கவட்டை வாய் நக்கிளின் அடியில், அதாவது நக்கிளுக்கும் ரப்பர் உறைக்கும் நடுவில் நுழைகிறது. இன்னொரு கை ஸ்டட்டின் நுனியை மேலிருந்து அழுத்துகிறது. விசை நக்கிளுக்கும் ஸ்டட்டுக்கும் நடுவில் மட்டும் பாய்கிறது. குண்டும் கிண்ணமும் இந்தச் சண்டையில் இல்லை. வாய் மெல்லியதாக இருந்தால் உறை லேசாக நசுங்கும், கிழியாது.

கடையில் இரண்டு மாதிரி பார்ப்பீர்கள். ஒன்று ஒரே வார்ப்பு, சி வடிவில் இருக்கும், திருகு நேராக ஸ்டட்டின் நுனியில் இறங்கும். மற்றது கத்தரிக்கோல் மாதிரி நடுவில் ஆணி வைத்த இரண்டு கைகள். பின்பக்கத் திருகை முறுக்கினால் பின்கைகள் விரியும், முன்வாய் மூடும். இடம் தாராளமாக இருந்தால் முதல் வகையே உறுதியானது. ஆனால் முன்சக்கரம் ஓட்டுகிற கார்களில் ஸ்டட்டின் நுனிக்கு நேர் மேலே டிரைவ் ஷாஃப்ட்டின் ஜாயிண்ட் உட்கார்ந்திருக்கும். நடுவில் இரண்டு விரல் இடம் இருந்தால் பெரிது. அங்கே சி வடிவப் புல்லரின் திருகு நுழையாது, கத்தரி வகைதான் போகும். வாங்கும் முன் அந்த இடைவெளியை அளந்துகொள்ளுங்கள், நட்டின் உயரத்தையும் சேர்த்து. வாயின் இடைவெளி ஸ்டட்டின் கழுத்தை நெருக்கமாக அணைக்க வேண்டும் என்பது இதற்கும் பொருந்தும்.

இனி செய்முறைக்கு வருகிறேன். உங்கள் காரையே வைத்துச் சொல்கிறேன்: ஸ்டிரட் வகை சஸ்பென்ஷன், லோயர் ஆர்ம் ஒன்று, ஸ்டட் மேல்நோக்கி.

காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஒரு பக்கம் மட்டும் அல்ல, முன்பக்கம் முழுவதும். ஒரு சக்கரம் மட்டும் தொங்கினால் குறுக்கே ஓடுகிற ஆன்டி ரோல் பார் முறுக்கிக்கொண்டு ஆர்மை மேலே தள்ளும். இரண்டும் தொங்கினால் அந்த முறுக்கு இருக்காது. பாரின் இணைப்புக் கம்பி ஆர்மிலேயே பிடித்திருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். ஸ்டிரட் வகையில் சுருள்வில் ஸ்டிரட்டுக்குள்ளேயே அடங்கியிருப்பதால் லோயர் ஆர்ம் பிரிந்தாலும் வில் பாயாது. மேலும் கீழும் இரண்டு ஆர்ம் உள்ள கார்களில், வில் எந்த ஆர்மின் மீது உட்கார்ந்திருக்கிறதோ அந்த ஆர்முக்கு அடியில் ஜாக் முட்டுக் கொடுக்காமல் ஜாயிண்ட்டைத் தொடவே கூடாது. அந்த வில் விடுபட்டால் ஆர்ம் கீழே அறையும் வேகத்தில் கால் முறியும். வேறொருவர் இந்தப் பதிலைப் படித்துவிட்டு அந்த மாதிரி காரில் இறங்கக் கூடாது என்பதற்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

அப்புறம் நட். முழுக்கக் கழற்றியதைத் திரும்பப் போடுங்கள். இதுதான் பலரும் விடுகிற படி. நட்டின் மேல் முகமும் ஸ்டட்டின் நுனியும் ஒரே மட்டத்தில் வரும் வரை திருகுங்கள். கிரீடம் மாதிரி வெட்டு உள்ள நட் என்றால் கவிழ்த்துப் போட்டால் தட்டையான முகம் மேலே வரும், புல்லர் உட்கார வசதி. அதே சமயம் நட்டுக்கும் நக்கிளுக்கும் நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டட் எங்கே போகும்? இந்த நட் மூன்று வேலை செய்கிறது. புல்லரின் அழுத்தத்தில் நுனியும் மரையும் விரியாமல் வளையம் போட்ட மாதிரி காக்கிறது. கூம்பு விடும்போது ஆர்மைப் பாய விடாமல் பிடிக்கிறது. புல்லரையும் பறக்க விடாமல் நிறுத்துகிறது. நான் கற்றுக்கொண்டிருந்த காலத்தில் நட்டில்லாமல் ஒரு டை ராடு எண்டுக்குப் புல்லர் போட்டேன். அது விடுபட்ட வேகத்தில் புல்லர் என் காதோரமாகப் போய்ப் பின்னால் நின்ற இன்னொரு வண்டியின் கதவில் விழுந்தது. கதவின் பள்ளத்துக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. காதுக்குப் பதில் சொல்லும் நிலை வரவில்லை.

புல்லரின் திருகில் கிரீஸ் தடவுங்கள். வறண்ட திருகில் நீங்கள் போடும் பலத்தின் பெரும்பகுதி உராய்விலேயே போய்விடும், மரையும் அறுந்துபோகும். வாயை ரப்பர் உறைக்கும் நக்கிளுக்கும் நடுவில் முழுக்க, ஸ்டட் வாயின் அடித்தொண்டையைத் தொடும் வரை தள்ளுங்கள். பாதி நுழைந்த வாய் சாய்ந்து வழுக்கும், வாயின் நுனியும் உடையும். உறை மடிந்து வாயில் சிக்கியிருக்கிறதா என்று விரலால் சுற்றிலும் தடவிப் பாருங்கள். மேல் கையோ திருகோ ஸ்டட்டின் நடுவில் இருக்க வேண்டும். கையால் திருகி இறுகிய பிறகு ஒருமுறை தள்ளி நின்று பக்கவாட்டிலிருந்து பாருங்கள். கத்தரி வகையில் முன்வாயின் இரண்டு முகங்களும் ஏறக்குறைய இணையாக இருக்க வேண்டும். 'வி' மாதிரி திறந்திருந்தால் அது முன்னால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். நடு ஆணிக்கு இரண்டு மூன்று துளை கொடுத்திருப்பார்கள், வேறு துளைக்கு மாற்றிப் பாருங்கள்.

இப்போது ஸ்பேனரால் இறுக்குங்கள். சாதாரண நீளமுள்ள ஸ்பேனர் போதும். அதற்குக் குழாய் மாட்டி நீட்டாதீர்கள், இம்பேக்ட் கன்னும் வேண்டாம். ஸ்பேனர் முனகுகிற அளவுக்கு இறுகியதும் பல சமயம் அப்படியே 'டக்' என்று விட்டுவிடும். விடவில்லையென்றால் இறுக்கிக்கொண்டே போவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. அந்த இடத்தில் நிறுத்துங்கள். புல்லர் இழுத்துப் பிடித்திருக்கட்டும், சுத்தியலை இப்போது எடுங்கள்.

அடிக்க வேண்டிய இடம் ஸ்டட் இல்லை. நக்கிளில் ஸ்டட் நுழைகிற தடித்த வளையம் இருக்கிறதே, அதன் பக்கவாட்டுச் சதை. ஸ்டட்டுக்குச் செங்குத்தாக அடி விழ வேண்டும். ஒரு கிலோவுக்குக் குறையாத சுத்தியல், குட்டையான வீச்சு, ஆனால் திடமான அடி. இடம் இருந்தால் வளையத்தின் எதிர்ப்பக்கம் இன்னொரு கனத்த சுத்தியலை முட்டுக் கொடுத்துக்கொள்ளுங்கள். அடி விழுகிற கணத்தில் வட்டமான துளை மிக நுட்பமாக நீள்வட்டமாகி, மறுகணம் திரும்புகிறது. அந்த இமைப்பொழுதில் பிடி தளர்கிறது, அதற்காகவே காத்திருக்கிற புல்லர் ஸ்டட்டைத் தள்ளிவிடுகிறது. புல்லர் இல்லாமல் அடித்தாலும் சில சமயம் வரும். அடிக்காமல் புல்லர் மட்டும் போட்டாலும் வரும். இரண்டும் சேர்ந்தால் வராமல் போவது அபூர்வம். என்னைக் கேட்டால், இந்த வேலையில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த ஒன்றுதான்.

சத்தத்தைக் கவனியுங்கள். பிடி இறுகியிருக்கும்போது அடி கெட்டியாக, ஒரே உலோகக் கட்டியில் அடித்த மாதிரி கேட்கும். நாலைந்து அடிக்குப் பிறகு ஸ்பேனரைப் பிடித்துப் பாருங்கள். திருகு கால் சுற்று சுலபமாகச் சுற்றினால் ஒன்று கூம்பு நகர்ந்திருக்கிறது அல்லது புல்லர் வழுக்குகிறது. வாயைப் பார்த்து எது என்று தெரிந்துகொண்டு மறுபடி இறுக்குங்கள். மூன்று சுற்று இப்படிச் செய்தும் வரவில்லையென்றால், மேலே நட்டின் அடியிலும் கீழே கழுத்திலும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, புல்லரை இறுக்கிய நிலையிலேயே விட்டுவிட்டு அரை மணி நேரம் வேறு வேலை பாருங்கள். முகத்தை மட்டும் புல்லரின் நேர்க்கோட்டில் வைக்காதீர்கள், கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். யாரும் தொடாமல் தானாகவே 'டக்' என்று விட்டதும் உண்டு.

சுத்தியல் பற்றிய இந்தப் பேச்சு இரும்பு வார்ப்பு நக்கிளுக்குத்தான். ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லையென்றால் அது அலுமினியம். அதில் வளையத்தை அடித்தால் துளை உருமாறி அப்படியே நிற்கும், விரிசலும் விழலாம். அங்கே புல்லரும் பொறுமையும் மட்டுமே. தீ காட்டுவதும் அலுமினியத்தில் கூடவே கூடாது.

இரும்பு நக்கிளில் தீ காட்டலாமா? ஜாயிண்ட் எப்படியும் குப்பைக்குத்தான் என்றால் மட்டும். உங்கள் விஷயத்தில் ரப்பர் உறை பொசுங்கி, உள்ளே கிரீஸ் கொதித்து, காப்பாற்ற நினைத்ததையே இழப்பீர்கள். பக்கத்திலேயே சக்கர பேரிங்கும் ஏபிஎஸ் சென்சரும் இருக்கின்றன. அப்படியே செய்வதானாலும் வளையத்தை மட்டும், சிவக்காத அளவுக்கு, சுற்றிச் சுற்றிச் சூடாக்க வேண்டும். ஸ்டட்டைச் சூடாக்கினால் அதுவும் சேர்ந்து விரியும், பயன் இல்லை. பிரேக் க்ளீனர் அடித்த இடத்தில் தீ காட்டவே வேண்டாம். குளோரின் கலந்த க்ளீனர் தீயில் நச்சு வாயுவாக மாறும்.

கூம்பு விட்டுவிட்டது என்றே வையுங்கள். நட் பிடித்திருப்பதால் எல்லாம் அந்தந்த இடத்திலேயே இருக்கும், ஸ்டட் மட்டும் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். புல்லரை எடுத்துவிட்டு நட்டைக் கழற்றுங்கள். ஸ்டட் நட்டோடு சேர்ந்து சுற்றினால் நுனியில் அலன் கீ அல்லது நட்சத்திரச் சாவிக்கான பள்ளம் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஜாயிண்ட்டின் அடியில் ஜாக்கை வைத்து லேசாக மேலே அழுத்துங்கள், கூம்பு கவ்விக்கொள்ளும், நட் தனியாகச் சுற்றும். ஸ்டட்டைக் கீழே உருவ ஆர்மை நன்றாகத் தாழ்த்த வேண்டியிருக்கும். பழைய ரப்பர் புஷ்கள் முறுக்கிக்கொண்டு எதிர்க்கும், நீண்ட கம்பியை ஆர்மின் மேல் கொடுத்து அமுக்குங்கள். நக்கிள் விடுபட்டதும் அதை வெளிப்பக்கம் சாய விடாதீர்கள். டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயிண்ட் இழுபட்டுக் கழன்றுவிடும், அப்புறம் இன்னொரு வேலை தொடங்கும். பிரேக் ஹோஸும் சென்சர் ஒயரும் இழுபடாமல் நக்கிளை ஒரு கம்பியால் கட்டிவையுங்கள்.

திரும்பப் போடும் முன் இரண்டு கூம்பையும் துணியால் துடைத்துப் பாருங்கள். ஸ்டட்டின் கழுத்தில் சுற்றிலும் சீரான சாம்பல் நிறம் இருந்தால் நன்றாக உட்கார்ந்திருந்தது என்று அர்த்தம். ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்து, மறுபக்கம் செந்துருப் பொடி இருந்தால் அது நட் தளர்ந்து ஆடிக்கொண்டிருந்த கூம்பு. துளையும் கெட்டிருக்கலாம். சந்தேகமிருந்தால் ஸ்டட்டின் கூம்பில் நீளவாக்கில் மார்க்கர் பேனாவால் நாலு கோடு போட்டு, துளைக்குள் கையால் அழுத்தி லேசாகத் திருகி எடுங்கள். கோடுகள் முழு நீளத்துக்கும் தேய்ந்திருந்தால் சரி. மேலேயோ கீழேயோ மட்டும் தேய்ந்திருந்தால் நக்கிளையே மாற்றும் யோசனைக்கு வர வேண்டும்.

மார்க்கரைத் துடைத்துவிட்டு, கூம்பைக் காய்ந்த நிலையில் போடுங்கள். அடுத்த தடவை சுலபமாக வரட்டும் என்று கிரீஸ் தடவும் ஆசை வரும், இவ்வளவு பாடுபட்டவருக்குக் கண்டிப்பாக வரும். தடவாதீர்கள். கிரீஸ் இருந்தால் அதே இறுக்கத்தில் கூம்பு தேவைக்கு மேல் உள்ளே போய் வளையத்தை விரிக்கும், பூட்டும் உராய்வும் குறையும். நைலான் வளையம் உள்ள நட் என்றால் புதியது போடுங்கள், இறுக்கம் உங்கள் காரின் கையேட்டில் உள்ளபடி, டார்க் ரெஞ்சால். கிரீட நட்டில் காட்டர் பின் துளை நேராக வராவிட்டால் இன்னும் கொஞ்சம் முன்னால் இறுக்கித்தான் நேர் செய்ய வேண்டும், பின்னால் தளர்த்தி அல்ல. புது புஷ்களின் போல்ட்டுகளை மட்டும் இப்போது இறுக்கிவிடாதீர்கள். சக்கரம் தரையில் நின்று காரின் எடை ஆர்மின் மேல் வந்த பிறகு இறுக்க வேண்டும், இல்லையென்றால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். எல்லாம் முடிந்து சில நாள் ஓட்டிய பிறகு நட்டை ஒருமுறை டார்க் ரெஞ்சால் தொட்டுப் பாருங்கள், சக்கர அலைன்மெண்ட்டும் பார்க்க வேண்டும்.